ஏ.எம்.ஓ.சி கேள்வி: டிப்பிங் பாயிண்ட்டைக் கணக்குப் போட்டுப் படிப்பது

யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வுக்குப் புவியியல் படிப்பவர்கள் அட்லாண்டிக் கவிழ்ப்புச் சுழற்சியை, அதாவது ஏ.எம்.ஓ.சியை, பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள்: "கிரீன்லாந்து பனி உருகும், சுழற்சி குறையும், ஐரோப்பா குளிரும்." மூன்றும் சரிதான். ஆனால் கேள்வியில் டிப்பிங் பாயிண்ட் என்று இருந்தால் இது பாதி விடைகூட ஆகாது. சுழற்சி ஏன் சீராகக் குறையாமல் ஒரு கட்டத்தில் சட்டென்று சரிகிறது என்பதைத்தான் அங்கே கேட்கிறார்கள்.

முதலில் இயங்குமுறை. வெப்பமண்டலத்திலிருந்து மேற்பரப்பில் வடக்கே போகும் நீர் சூடானது, உப்பு மிகுந்தது. வடக்கே அது குளிர்ந்து, அடர்த்தி கூடி, ஆழத்தில் இறங்கித் தெற்கே திரும்புகிறது. 26.5° வடக்கு அட்சரேகையில் 2004 முதல் அளந்துவருகிறார்கள். சராசரி ஓட்டம் நொடிக்கு சுமார் 1.7 கோடி கன மீட்டர். வடக்கே வந்துசேரும் உப்பைக் கொண்டுவருவதே இந்த ஓட்டம்தான் என்பதைக் கவனியுங்கள். உருகிய நன்னீர் கலந்து ஓட்டம் தளர்ந்தால் உப்பு வரத்தும் குறையும். உப்பு குறைந்தால் ஓட்டம் இன்னும் தளரும். இந்தப் பின்னூட்டத்தை விட்டுவிட்டால் விடையில் உயிரே இல்லை.

இதை ஹென்றி ஸ்டாமல் 1961இல் இரண்டு பெட்டிகளாகச் சுருக்கினார். ஒன்று வெப்பமண்டலக் கடல், மற்றொன்று வடகடல். வெப்பநிலை வேறுபாட்டை 1 என்று வைத்துக்கொண்டால் ஓட்டத்தின் வலு 1 − S. இங்கே S என்பது இரு பெட்டிகளின் உப்பு வேறுபாடு, F என்பது வடக்கே சேரும் நன்னீர். ஓட்டம் வடக்கு நோக்கி இருக்கும்வரை சமநிலையில்:

```
F = S(1 − S)
```

பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். F 0.09 என்றால் S 0.1, ஓட்டம் 0.9. F 0.24 என்றால் S 0.4, ஓட்டம் 0.6. F 0.25இல் ஓட்டம் 0.5. முதலில் ஓட்டம் 0.1 குறைய 0.09 அளவு நன்னீர் தேவைப்பட்டது. கடைசியில் அதே சரிவுக்கு வெறும் 0.01 போதுமாக இருந்தது. F 0.26 ஆனால் இந்தச் சமன்பாட்டுக்கு விடையே கிடையாது. ஓட்டம் பாதி வலுவில் இருக்கும்போதே அறுந்து, எதிர்த்திசையில் பலவீனமான நிலைக்குத் தாவிவிடுகிறது. அந்த நிலைக்கான சமன்பாடு F = S(S − 1).

இனி நன்னீரை மறுபடி 0.24க்குக் குறைத்தால்? S 1.2, ஓட்டம் −0.2. முன்பு இதே 0.24இல் ஓட்டம் 0.6 இருந்தது. பழைய நிலைக்குத் திரும்ப F பூஜ்யம்வரை இறங்க வேண்டும். இதுதான் ஹிஸ்டெரிசிஸ். வரைபடத்தில் கிடை அச்சில் நன்னீர், செங்குத்து அச்சில் ஓட்டம். போகும் பாதையும் திரும்பும் பாதையும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒரே சரிவுக்கோடு போட்டால் டிப்பிங் பாயிண்ட் புரியவில்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி.

பிராந்திய விளைவுகளை மனப்பாடம் செய்யாமல் வெப்பத்தின் கணக்கிலிருந்தே வருவியுங்கள். வடக்கே போன வெப்பம் தெற்கிலேயே தங்கிவிடுகிறது. வடமேற்கு ஐரோப்பா குளிர்கிறது. அதுவும் குளிர்காலத்தில் மிக அதிகமாக, ஏனென்றால் கடற்பனி பரவி வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு, கடலின் வெப்பம் காற்றுக்கு வராமலும் மூடிவிடுகிறது. வெப்பமண்டல மழைப்பட்டை சூடான அரைக்கோளத்தை நோக்கித் தெற்கே நகர்கிறது. அதனால் சாஹேல் வறள்கிறது, இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பலவீனப்படுகிறது. வான் வெஸ்டன் குழு 2024இல் வெளியிட்ட மாதிரியில் அமேசானின் மழைக்காலமும் வறண்ட காலமும் இடம் மாறின. நார்வேயின் பெர்கனில் பிப்ரவரி வெப்பநிலை பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3.5 டிகிரி இறங்கியது. இந்த எண்ணை எழுதினால் ஒரு வரி சேர்த்தே ஆக வேண்டும்: அது தொழிற்புரட்சிக்கு முந்தைய காற்றுமண்டலத்தை வைத்து ஓட்டிய மாதிரி. இன்றைய வெப்பமயமாதல் அதில் இல்லை.

வளைகுடா நீரோட்டம் நின்றுவிடும் என்று எழுதாதீர்கள். அதைப் பெரும்பாலும் காற்றுதான் தள்ளுகிறது. சுழற்சி சரிந்தாலும் அது பலவீனமாகத் தொடரும்.

காலக்கெடு கேட்டால் ஐபிசிசி 2021 அறிக்கையின் இரு கூற்றுகளையும் பிரித்து எழுதுங்கள். இந்த நூற்றாண்டில் சுழற்சி தளர்வது மிகவும் சாத்தியம். 2100க்குள் திடீரெனச் சரியாது என்பதில் இருப்பது நடுத்தர நம்பிக்கை மட்டுமே. 150 சொல் விடையில் இரண்டாவது வரியைத்தான் பலர் இடமில்லை என்று வெட்டுகிறார்கள். முன்னுரையை வெட்டுங்கள், அதை வெட்டாதீர்கள்.