அரிவாள் செல்லுக்குப் பக்கத்தில் வெளிறிய சின்ன செல்

ரத்த ஆய்வகத்தில் ஸ்மியர், அதாவது கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவிய ரத்தம், பார்க்கப் பழகிக்கொண்டிருந்த நாட்களில் வந்த படம் இது. 9 வயதுக் குழந்தை, ஹீமோகுளோபின் 8.1. இரண்டு முனையும் கூர்மையாக வளைந்த அரிவாள் செல்கள் அங்கங்கே இருந்தன. ஸ்மியர் காயும்போது இழுபட்ட செல்கள் என்றால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். இவை ஆளுக்கொரு திசையில் கிடந்தன. சரி, நிஜமான அரிவாள் செல்தான் என்று அறிக்கையை முடிக்கப் போனேன்.

மூத்த மருத்துவர் என் பின்னால் நின்று, "மற்ற செல்களையும் பாரும்மா" என்றார்.

பார்த்தேன். பக்கத்தில் லிம்போசைட் என்ற வெள்ளையணு ஒன்று, சின்னது, இருந்தது. சாதாரண சிவப்பணு அதன் உட்கரு அளவுக்கு இருக்கும். இங்கே பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. நடு வெளிறல் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. இவற்றில் ஓரத்தில் மெல்லிய வளையம்தான் மிச்சம். சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 66.

இதுதான் எனக்குத் திருப்புமுனை. இரு பெற்றோரிடமிருந்தும் அரிவாள் மரபணு வந்த நோயில் செல்லின் அளவு வழக்கமாகக் குறையாது. குறைந்திருந்தால் கூடவே வேறொன்று இருக்கிறது: இரும்புச்சத்துக் குறைவு அல்லது ஹீமோகுளோபின் உருவாவதைக் குறைக்கும் பரம்பரைக் கோளாறான தலசீமியா. இதைப் படம் மட்டும் பிரித்துச் சொல்லாது.

குழந்தைக்கு மாதக்கணக்கில் இரும்பு டானிக் கொடுத்திருந்தார்கள், முன்னேற்றமே இல்லை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் 90. உடலில் அழற்சி இருந்தால் அந்த எண் பொய்யாக ஏறும் என்பதால் ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும் பார்த்தோம், 28 சதவீதம். இரும்புக் குறைவு இல்லை.

அப்புறம் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. அதற்கு முன் ஒன்றை உறுதிப்படுத்தினோம்: சமீபத்தில் ரத்தம் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் கொடுத்தவரின் வழக்கமான ஹீமோகுளோபின் ஏ கலந்து முடிவைக் குழப்பிவிடும். வந்த முடிவு: அரிவாள் ஹீமோகுளோபினான எஸ் 78 சதவீதம், கருவில் இருக்கும் பருவத்து எஃப் 14, இயல்பில் சிறிதளவே இருக்கும் ஏ2 5.2, ஏ துளியும் இல்லை.

ஏ2 கூடினால் பீட்டா தலசீமியா என்று எழுதிவிடலாமா? அவசரப்படக் கூடாது. எஸ் இருக்கும்போது இந்தக் கருவி ஏ2-வைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அரிவாள் நோயுடன் ஆல்ஃபா தலசீமியா சேர்ந்தாலும் செல் சிறுக்கும், ஏ2 ஏறும். அதனால் பெற்றோரின் ரத்தத்தைக் கேட்டோம்.

அம்மாவுக்கு எஸ் 38 சதவீதம், மீதியில் பெரும்பகுதி ஏ, அதாவது அரிவாள் மரபணுவைச் சுமப்பவர். அப்பாவிடம் எஸ் இல்லவே இல்லை. எம்.சி.வி. 67, ஏ2 5.4. பீட்டா தலசீமியா சுமப்பவர். தன்னிடம் எந்தக் குறையும் இல்லை என்று நம்பியிருந்த மனிதர், பாவம், அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையில் "அரிவாள்–பீட்டா தலசீமியா, ஹீமோகுளோபின் ஏ உருவாகாத வகை" என்று எழுதினேன். கீழே, இரும்புக் குறைவு இல்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். டானிக்கை மருத்துவர் அன்றே நிறுத்தினார். குழந்தையின் தங்கைக்கும் பரிசோதனை எழுதினார்.