லேபிளில் 1000, துணியில் எத்தனை?

கோடவுன் தெருவில் வாங்கிய ஒரு டபுள் பெட்ஷீட். லேபிளில் 1000 த்ரெட் கவுண்ட், நூறு சதவீதம் காட்டன் என்று போட்டிருந்தது. ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கே ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் சேர்ந்து எத்தனை என்பதுதான் த்ரெட் கவுண்ட். போனில் எடுத்த கிட்டத்துப் படங்களை வைத்தே அதைச் சரிபார்த்தோம்.

முதலில் ஒரு தண்ணீர் அலசி காயவைத்தோம். கஞ்சி இருந்தால் எந்தத் துணியும் நெருக்கமாகத்தான் தெரியும். கறுப்பு அட்டைமேல் ஒற்றை மடிப்பாக, இழுக்காமல் விரித்து, எண்ணப்போகும் நூலுக்கு நேர் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை வைக்க வேண்டும். கரைப்பக்கம் பாவு நெருக்கமாக இருக்கும் என்பதால் நடுப்பகுதிதான் சரி. போன் துணிக்கு நேர் மேலே இருக்கட்டும். சாய்ந்தால் படத்தின் ஒரு ஓரத்தில் சென்டிமீட்டரே சுருங்கிவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில், தரையோடு தாழ்த்திப் பிடித்தால் ஒவ்வொரு நூலுக்கும் நிழல் விழுந்து எண்ண வரும்.

படத்தில் பாவு நூல் நாலு ஊடையைத் தாண்டி ஒன்றின் கீழ் போனது. அதுதான் சாட்டின் நெசவு, பளபளப்புக்கும் காரணம். இந்த நெசவில் முன்பக்கத்தைப் பாவே மூடிவிடுவதால் ஊடையை அங்கே எண்ணினால் குறைவாகத்தான் வரும். துணியைத் திருப்பிப் போட்டு இன்னொரு படம் எடுக்க வேண்டும்.

மூன்று இடங்களின் சராசரியில், ஒரு சென்டிமீட்டருக்குப் பாவு 60, ஊடை 38. கூட்டினால் 98. அங்குலத்துக்கு மாற்ற 2.54-ஆல் பெருக்கினால் 249 வருகிறது. லேபிளின் 1000 எங்கிருந்து வந்தது? ஓரத்தில் ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்துப் படம் எடுத்ததில் விடை கிடைத்தது: மெல்லிய நாலு இழையை முறுக்கி ஒரே நூலாக்கியிருந்தார்கள். 249-ஐ நாலால் பெருக்கினால் 996. முறுக்கு நூலை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும், இழை இழையாக எண்ணுவது முறையல்ல. ஒற்றை இழை நூலில் நெய்த துணி 400-ஐத் தாண்டினாலே சந்தேகப்படுவது நல்லது.

நூல் காட்டன்தானா என்பதையும் படம் ஓரளவு சொல்லும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பஞ்சு நூலின் விளிம்பில் பூமுடி நீட்டிக்கொண்டிருக்கும். மைக்ரோஃபைபர் வழவழவென்று மின்னும். ஆனால் பாலியஸ்டர் கலந்து நூற்ற நூலிலும் அதே பூமுடி உண்டு. அங்கே படம் உதவாது, உருவிய நூலைக் கொளுத்திப் பார்க்க வேண்டும். காட்டன் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகத் திரளும்.

இந்த ஷீட்டில் சாம்பல்தான் மிஞ்சியது. காட்டன் என்றது சரி, 1000 மட்டும் கணக்கு வித்தை. முறுக்கு நூலால் துணி கனமாகவும் இருக்கிறது. சென்னை வெயிலுக்கு, ஒற்றை இழையில் 200 முதல் 250 வரை சாதா நெசவாக நெய்த ஷீட்டே மேல். அதில் பார்க்க வேண்டியது நூல் ஒரே தடிமனில் ஓடுகிறதா, வெளிச்சத்தில் ஓட்டைகள் சீராக இருக்கின்றனவா என்பதுதான்.