அப்பாவுக்கு அனுப்புன மெசேஜ்

நேத்து அப்பாவுக்கு அனுப்புனது, மஞ்சக்குப்பத்துல இருக்குற மத்த அப்பாக்களுக்கும் ஆகட்டுமேன்னு இங்கயும் போடுறேன்.

அப்பா, பேங்க்ல இருந்து பேசுறேன், கேஒய்சி காலாவதி ஆயிடுச்சு, இன்னிக்கே அக்கவுண்ட் பிளாக் ஆயிடும்னு எவன் சொன்னாலும் "சரிங்க, நானே கூப்டுறேன்"னு சொல்லி கட் பண்ணிடுங்க. அவன் குடுக்குற நம்பருக்கு போடாதீங்க, கூகுள்லயும் தேடாதீங்க, அங்கயும் போலி நம்பர் போட்டு வச்சிருப்பானுங்க. ஏடிஎம் கார்டு பின்னாடி இருக்கு பாருங்க, அந்த நம்பருக்கு நீங்களே போட்டு கேளுங்க. ட்ரூகாலர்ல பேங்க் பேரு வந்தாலும் நம்பாதீங்க, அந்தப் பேர யாரு வேணா வச்சிக்கலாம். வாட்ஸப்புல .apk ன்னு முடியிற ஃபைல் அனுப்புனா தொடவே தொடாதீங்க, அத இன்ஸ்டால் பண்ணா உங்களுக்கு வர்ற ஓடிபி அவனுக்கும் போகும். பணம் போயிடுச்சுன்னா என்ன கூப்டுறதுக்கு முன்னாடி சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு கூப்டுங்க, நான் இங்க தூங்கிட்டிருப்பேன். அம்மா திட்டுவாங்கன்னு மறைச்சிராதீங்க.