லேசா அரிச்சுச்சு

மதுரையில் நான் பார்லர் வைத்து பதினான்கு வருஷம் ஆகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு டை அடிப்பதற்கு முன்னால், அது ஒத்துக்கொள்கிறதா என்று தோலில் டெஸ்ட் வைக்காமல் விட்டதில்லை. ஆனால் நான் மாட்டிக்கொண்டது பழைய வாடிக்கையாளரிடம்தான்.

அந்த அக்கா ஆறு வருஷமாக மாதம் ஒருமுறை என்னிடம் டை அடித்துக்கொள்பவர். எப்போதும் அதே கறுப்பு, அதே கம்பெனி. அன்று வியாழக்கிழமை சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "போன தடவை ரெண்டு நாள் காதுக்குப் பின்னாடி லேசா அரிச்சுச்சும்மா, புதுத் தோடு சேரல போல" என்றார். நானும் "கவரிங்கா அக்கா?" என்று கேட்டுவிட்டு டையைக் கலக்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது. நெற்றியில் முடி தொடங்கும் ஓரமும் கழுத்தும் அரிக்கிறதாம். சனிக்கிழமை காலையில் இமைகள் வீங்கி, கண்ணைத் திறக்க முடியவில்லை. காது மடல் தடித்து நீர் கசிந்தது. தலையில் அவ்வளவாக ஒன்றும் இல்லை. சாயம் பட்ட மண்டையை விட, தோல் மெல்லிசாக இருக்கும் இமையும் காதும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். தோல் டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். வீக்கம் முழுசாக வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

கறுப்பு டையில் நிறத்தைக் கொடுக்கும் பாராஃபினைலின்டயமின், சுருக்கமாக பிபிடி, என்கிற பொருள்தான் காரணம். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் முதல் தடவையிலேயே தெரியாது. பல தடவை பட்ட பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் உடம்பு அதை எதிரி என்று பதிந்துவைத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் முன்னதை விடப் பெரிதாக வரலாம். ஆறு வருஷம் ஒன்றும் செய்யவில்லை என்பது ஏழாவது வருஷத்துக்கு உத்தரவாதம் இல்லை. அக்கா சொன்ன அந்தக் காது அரிப்புதான் முன்னறிவிப்பு. தோட்டின் மேல் பழி போட்டுவிட்டோம்.

எரிச்சலுக்கும் ஒவ்வாமைக்கும் வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. டை தலையில் இருக்கும்போதே எரிந்து, அலசியதும் அடங்கினால் பெரும்பாலும் அது வெறும் எரிச்சல். வீட்டுக்குப் போய் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து அரிக்கத் தொடங்கி, சாயம் படாத இடத்துக்கும் பரவினால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ நேரே ஆஸ்பத்திரிதான். அப்படி வருவது அபூர்வம்.

டெஸ்ட் வைப்பதில் நான் செய்துகொண்டிருந்த தப்பும் அப்போதுதான் புரிந்தது. காலையில் வைத்து, சாயங்காலம் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல, அடிச்சுக்கலாம்" என்பேன். இரண்டாவது நாள் தெரியவேண்டியதை முதல் நாளே பார்த்தால் என்ன தெரியும்? இப்போது 48 மணி நேரம் காத்திருக்கிறேன். அடிக்கப்போகும் அதே டையை, டப்பாவில் உள்ள தாளில் சொன்னபடி, முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு அளவுக்கு வைப்பேன். வாடிக்கையாளர் அதைத் தேய்க்கக் கூடாது. நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதோடு சாயத்தின் கறையும் இருக்கும். அதனால் விரலால் தடவிப் பார்க்கிறேன். தடிப்போ பொடிப் பொடியாக முண்டோ தட்டுப்பட்டால், அரித்தால், டை கிடையாது. ஒன்றும் வராவிட்டால் பயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏற்கெனவே வீங்கியவர்களுக்கு நான் டெஸ்டே வைப்பதில்லை, அது டாக்டர் வேலை.

அக்காவுக்கு எல்லாம் ஆறிய பிறகு டாக்டர் முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, நான்காம் நாள் மறுபடியும் பார்த்தார். பிபிடி ஒட்டிய இடம் தடித்திருந்தது. ஒரு கல்யாணத்தில் அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்த கோன் மெஹந்தி போட்டுக்கொண்டதாக அக்காவுக்கு அங்கேதான் ஞாபகம் வந்ததாம். மருதாணி இலை அவ்வளவு சீக்கிரம், அதுவும் கறுப்பாகப் பிடிக்காது. கறுப்பு மெஹந்தியில் பிபிடி கலப்பது உண்டு. இவருக்கு அந்த மெஹந்தியில்தான் ஆரம்பித்ததா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. "அம்மோனியா இல்லாத டை போடலாமா?" என்று கேட்டார். அம்மோனியா வேறு, பிபிடி வேறு. இப்போது வீட்டிலேயே இலை அரைத்து வைத்துக்கொள்கிறார். முடி செம்பட்டையாக இருக்கிறது.

இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். சிலர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள், போகட்டும். என் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கட்டம் உண்டு: போன தடவைக்குப் பிறகு, ஒரு வாரத்துக்குள் எங்கேயாவது அரித்ததா? "லேசா" என்று யாராவது இழுத்தால் அன்றைக்கு முடி வெட்டுவதோடு சரி.