நீள்சதுர முத்திரையும் மனைவியின் பிறப்புச் சான்றிதழும்

என் மனைவியைக் கனடாவுக்கு அழைப்பதற்கு நான் அனுப்பிய விண்ணப்பத்தில் எல்லாத் தாள்களும் ஒழுங்காக இருக்கின்றன என்றே நினைத்திருந்தேன். சில வாரங்களில் வந்த கடிதம் அவளுடைய பிறப்புச் சான்றிதழைப் பற்றி மட்டுமே பேசியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை ஏற்க முடியாதென்றும், முத்திரைகள் உட்பட முழு ஆவணத்தையும் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் சத்தியக்கடதாசியுடன் மீண்டும் அனுப்ப வேண்டுமென்றும் சுருக்கமாக எழுதியிருந்தார்கள். நான் முதலில் கோபப்பட்டேன். பிறகு ஆவணங்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது, கோபப்பட வேண்டியது என்மேல்தான் என்று விளங்கியது.

அந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் மனைவியின் பெரியம்மாவின் மகன். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பிப்பவர், எங்கள் இருவரையும்விட நல்ல ஆங்கிலம் எழுதக்கூடியவர். ஆனால் கனடாவின் குடிவரவு விதி, விண்ணப்பதாரியோ அவருடைய குடும்பத்தவரோ மொழிபெயர்ப்பைச் செய்யக்கூடாது என்கிறது. பெற்றோர், சகோதரர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோரோடு மட்டும் அந்தக் குடும்பம் முடிந்துவிடுவதில்லை. மாமன், மாமி, சகோதர சகோதரியரின் பிள்ளைகள், முதல்நிலை ஒன்றுவிட்ட சகோதரர் வரை அது நீளுகிறது. அவர்கள் சட்டத்தரணியாகவோ தொழில்முறை மொழிபெயர்ப்பாளராகவோ இருந்தாலும் விலக்கில்லை. அண்ணாவுக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்பது அங்கே கேள்வியே அல்ல.

அவர் உறவினராக இல்லாதிருந்தாலும் அந்தத் தாள் நின்றிருக்காது. இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயருக்கு ஒரு கட்டமும், தகப்பனாரின் முழுப்பெயருக்கு வேறொரு கட்டமும் உண்டு. மனைவியின் பெயர்க் கட்டத்தில் அவளுடைய சொந்தப் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. கடவுச்சீட்டிலோ தகப்பனாரின் பெயர் குடும்பப் பெயராக முன்னால் நிற்கிறது. இரண்டும் பொருந்தவில்லையே என்று அண்ணா நல்லெண்ணத்தோடு தகப்பனாரின் பெயரையும் பெயர்க் கட்டத்துக்குள் சேர்த்து எழுதிவிட்டார். தமிழ் மூலத்தில் இல்லாத ஒரு சொல் ஆங்கிலத்தில் தோன்றிய அந்தக் கணத்திலிருந்து அது மொழிபெயர்ப்பாக இல்லாமல் திருத்தமாகிவிட்டது. மூலத்தையும் பெயர்ப்பையும் கட்டம் கட்டமாக ஒப்பிடும் எவருக்கும் அது கண்ணில் படும்; பட்டால் நல்லெண்ணமாகத் தெரியாது. பெயர் ஏன் வேறுபடுகிறது என்பதை விளக்கும் இடம் விண்ணப்பதாரியின் தனிக் கடிதம். மொழிபெயர்ப்பாளரின் தாள் அல்ல. இரண்டாம் முறை அப்படித்தான் செய்தோம். எங்கள் வழக்கில் தகப்பனாரின் பெயரே கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக வருகிறது என்று மனைவி நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டாள்.

எழுத்துக்கூட்டல் இதைவிடச் சிறிய விடயம், ஆனால் விட்டுவிடக்கூடாதது. தமிழில் ஒரே ககரம். ஆங்கிலத்தில் அதற்கு ‘கே’யும் எழுதலாம், ‘ஜி’யும் எழுதலாம், சிலர் ‘எச்’ கூட எழுதுகிறார்கள். ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே கடவுச்சீட்டின் படத்தை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, அதில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லிவிட வேண்டும். இது திருத்தம் ஆகாது. ஒலியை எந்த எழுத்தால் குறிப்பது என்ற தெரிவு மட்டுமே.

இரண்டாம் முறை நான் தேடிப்போனது ஒன்ராறியோவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் சான்று பெற்ற அம்மையார் ஒருவரை. சான்று பெற்றவர் என்றால், தொழில்முறைச் சங்கத்தில் நன்னிலையில் உள்ள உறுப்பினர்; அவருடைய உறுப்பினர் எண்ணைக் காட்டும் முத்திரை மொழிபெயர்ப்பில் விழும், அப்போது சத்தியக்கடதாசி தேவையில்லை. சான்று பெறும் வழியில் இருப்பவருடைய முத்திரை இந்தக் கணக்கில் சேராது. நான் வாட்ஸப்பில் வந்த படத்தைக் காட்டினேன். அதை இரு விரலால் பெரிதாக்கிப் பார்த்தவர், “தம்பி, இந்தக் கீழ் மூலையில் ஊதா நிறத்தில் ஏதோ இருக்கிறதே, அது என்ன?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. படத்தில் அது வெறும் கறை போலத்தான் இருந்தது.

அவர் படத்தை வைத்துக்கொண்டு வேலை செய்ய மறுத்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் மனைவி மூலச் சான்றிதழை ஒரு நொத்தாரிசிடம் கொண்டுபோய், அவர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரியான பிரதி என்று எழுதி, ஆவணத்தின் பெயரும் திகதியும் தன்னுடைய பெயரும் பதவியும் கையொப்பமும் இட்ட பிரதியாக எடுத்து எனக்கு அனுப்பினாள். அதில் அந்தக் கறை தெளிவாகிவிட்டது. அது ஒரு நீள்சதுர இறப்பர் முத்திரை. முழுவதும் சிங்களத்தில், ஓர் உத்தியோகத்தரின் பதவியும் அலுவலகமும். அண்ணாவின் மொழிபெயர்ப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அண்ணாவைக் குறை சொல்லவும் முடியாது, நாங்கள் சிறு வயதிலிருந்தே முத்திரையை வாசிக்கும் பழக்கமில்லாதவர்கள். அது விழுந்திருக்கிறதா என்று மட்டுமே பார்ப்போம். குடிவரவு அலுவலகத்தின் அறிவுறுத்தலோ ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத முத்திரைகளும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது.

அம்மையாருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். ஆனால் அவர் பெற்ற சான்று தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மட்டுமே உரியது, அதற்கு வெளியே உள்ள மொழியின்மேல் தன் முத்திரையைக் குத்த முடியாது என்று அவர் உறுதியாக இருந்தார். தன்னுடைய தாளில் அந்த இடத்தில் சதுர அடைப்புக்குள், நீள்சதுர முத்திரை, சிங்களத்தில், தனியாக மொழிபெயர்க்கப்பட்டுள்ளது என்ற குறிப்பை ஆங்கிலத்தில் இட்டார். வாசிக்க முடியாத கையொப்பத்தையும் அவ்வாறே, கையொப்பம் தெளிவில்லை என்று குறித்தார். வெற்றாக இருந்த கட்டங்களுக்கும் வெற்று என்று எழுதினார். அந்தத் தாளில் எதுவும் காணாமற்போகவில்லை, எதுவும் கூடவுமில்லை.

சிங்கள முத்திரைக்கு ஸ்காபரோவில் எங்களுக்கு உறவில்லாத, சிங்களமும் ஆங்கிலமும் நன்கு தெரிந்த ஒருவர் உதவினார். அவர் எந்தச் சங்கத்தின் சான்றும் பெற்றவரல்லர். ஆகவே முத்திரையில் இருந்த மூன்று வரிகளுக்குத்தான் சத்தியக்கடதாசி தேவைப்பட்டது. நொத்தாரிசின் முத்திரை ஒன்று தாளில் இருந்தால் போதும் என்று நான் முன்பு நம்பியிருந்தேன். அண்ணாவின் மொழிபெயர்ப்போடு நான் அனுப்பிய நொத்தாரிசுப் பிரதி, சான்றிதழின் பிரதி சரியானது என்று மட்டுமே சொன்னது, மொழிபெயர்ப்பைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. சத்தியக்கடதாசியில் பேசுபவர் மொழிபெயர்த்தவரே. தனக்கு இரு மொழிகளும் தெரியும், இணைத்துள்ளது இன்ன ஆவணத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு என்று, சத்தியம் வாங்கும் அதிகாரமுள்ள ஆணையாளரின் முன்னால் நேரே நின்று சொல்லிக் கையொப்பமிட வேண்டும். நான் அவருடைய கையொப்பத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு தனியாகப் போயிருந்தேன். ஆணையாளர் தாளைத் திருப்பித் தந்து, ஆளை அழைத்து வரச் சொன்னார். மறுநாள் அந்த மனிதர் வேலைக்கு அரைநாள் விடுப்பெடுத்து வந்து, புதிய தாளில் அவர் முன்னால் கையெழுத்திட்டார்.

கடைசியில் போன கட்டு இப்படி இருந்தது: நொத்தாரிசு உறுதிப்படுத்திய தமிழ்ச் சான்றிதழின் பிரதி, அதன்மேல் அம்மையாரின் முத்திரையிட்ட ஆங்கிலம், அதற்கடுத்துச் சிங்கள முத்திரையின் மூன்று வரிகளும் சத்தியக்கடதாசியும், ஈற்றில் மனைவியின் நான்கு வரிக் கடிதம். இந்த முறை அந்தச் சான்றிதழைப் பற்றி எந்தக் கேள்வியும் வரவில்லை. அண்ணாவிடம் காரணத்தைச் சொன்னபோது, “அந்த முத்திரையில என்ன எழுதியிருந்தது?” என்று மட்டும் கேட்டார்.