'நெட் கார்ப் 4 கிராம்': ஒரு காராச்சேவு பாக்கெட்டின் கணக்கு

பாளையங்கோட்டைக் கடையில் வாங்கிய 150 கிராம் 'கீட்டோ காராச்சேவு'. முன்பக்கத்தில் பாதாம் படம், அதன் மேலே கொட்டை எழுத்தில் 'நெட் கார்ப் 4 கிராம்'. கீட்டோ என்ற மாவுச்சத்துக் குறைத்த உணவுமுறையில் ஒரு நாளைக்கு 20 கிராம் நெட் கார்ப் என்று கறாராகச் சாப்பிடுகிறவருக்கு இந்த 4 கிராம் தாங்கும். எவ்வளவு சேவுக்கு 4 கிராம் என்பது தெரிய, பாக்கெட்டைத் திருப்ப வேண்டும்.

பின்பக்க அட்டவணையில் நான் முதலில் பார்ப்பது 100 கிராமுக்கான பத்தியைத்தான். 'ஒரு பரிமாறல்' என்பது கம்பெனி தன் வசதிக்கு வைத்துக்கொண்ட அளவு. இதில் 100 கிராமுக்குப் புரதம் 15, கார்போஹைட்ரேட் 41, நார்ச்சத்து 13, கொழுப்பு 38 கிராம் என்று போட்டிருந்தது.

நெட் கார்ப் என்றால் கார்போஹைட்ரேட்டில் இருந்து நார்ச்சத்தைக் கழித்தது. 41-ல் 13 போனால் 28. ஆனால் கழிப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: அந்த 13 இந்த 41-க்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? நம் ஊர் பாக்கெட்டில் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். ஐரோப்பாவில் இருந்து வரும் பாக்கெட்டில் நார்ச்சத்தை ஏற்கெனவே கழித்துவிட்டுத்தான் கார்போஹைட்ரேட்டை அச்சிடுகிறார்கள். வளைகுடாவில் இருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் ஐரோப்பிய பிஸ்கட்டில் இதை மறந்து இன்னொரு முறை கழித்தால் கணக்கு குறைந்து, தின்னக்கூடாததைத் தின்றுவிடுவோம்.

சந்தேகம் வந்தால் எடையைக் கூட்டிப் பார்க்கலாம். புரதம் 15, கொழுப்பு 38, கார்போஹைட்ரேட் 41, மொத்தம் 94. மீதி 6 கிராமில் உப்பும் ஈரமும் அடங்கிவிடும், பொரித்த தீனிக்கு அது சரியான அளவுதான். நார்ச்சத்து 13 வெளியே என்று வைத்தால் 107 ஆகிவிடும். 100 கிராம் சேவுக்குள் 107 கிராம் சரக்கு இருக்க முடியாது. ஆகவே அது உள்ளேதான், கழிக்கலாம். கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டாத தீனியில் இந்தச் சோதனை முடிவு சொல்லாது. அப்போது எந்த நாட்டு லேபிள் என்று பார்ப்பதுதான் வழி.

நார்ச்சத்து வரியே இல்லாத பாக்கெட்டும் நிறைய உண்டு. அங்கே பூஜ்யம் என்று வைத்து, முழு கார்போஹைட்ரேட்டையும் கணக்கில் சேர்ப்பேன். 'பயறுதானே, நார் இருக்குமே' என்று நாமாக ஒரு எண்ணைக் கழிப்பது நம்மை நாமே ஏமாற்றுவது.

அடுத்து கொழுப்பு வரி. வெறும் பாதாமில் 100 கிராமுக்குக் கொழுப்பு 50 கிராம் அளவில் இருக்கும், நெட் கார்ப் 10-ஐ ஒட்டி நிற்கும். இந்தச் சேவோ எண்ணெயில் முங்கி எழுந்தது. அப்படியும் கொழுப்பு 38-தான், நெட் கார்ப் 28. பாதாம் மாவு பெரும்பங்காக இருந்தால் இந்த இரண்டு எண்களும் இப்படி ஒட்டி நிற்காது. சேர்மானப் பட்டியலில் அதிக எடையுள்ளது முதலில் வரும். படித்தால் கடலை மாவு, எண்ணெய், பாதாம் மாவு 12 சதவீதம், இசப்கோல் உமி, உப்பு. ஆக, நம்ம வீட்டுக் கடலைமாவுச் சேவுதான், பாதாம் கொஞ்சம் தூவியிருக்கிறார்கள். நார்ச்சத்து 13-க்கு இசப்கோலும் ஒரு காரணம், அது நிஜமான நார்தான், அந்த எண்ணில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேர்மானத்தில் அரிசி மாவு முன்னால் இருந்து, உமியோ விதையோ இல்லாமல் நார்ச்சத்து மட்டும் இரட்டை இலக்கத்தில் நின்றால் அந்த வரியை நம்ப மாட்டேன்.

முன்பக்கத்து 4 எங்கிருந்து வந்தது? பரிமாறல் அளவு 15 கிராம் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. 28-ஐ 100-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 4.2. பொய் இல்லை. சமையலறைத் தராசில் 15 கிராம் நிறுத்துப் பார்த்தால் உள்ளங்கைக் குழியில் அடங்கிவிடுகிறது. காப்பியோடு டிவி முன்னால் உட்கார்ந்தால் பாக்கெட்டில் பாதி போவது சாதாரணம். 75 கிராமுக்கு 21, அன்றைய ஒதுக்கீடு அத்தோடு தீர்ந்தது.

சீனி சேர்க்காத கடலை மிட்டாய் என்று வருவதில் வேறொரு வம்பு. இனிப்புக்கு மால்டிடால் போட்டிருந்தால் அதை முழுசாகக் கழித்து நெட் கார்ப் காட்டுவார்கள். அது உடம்பில் ஓரளவு சர்க்கரையாகிறது, அதனால் நான் பாதியைத்தான் கழிப்பேன். எரித்ரிட்டால் என்ற இனிப்பு உடம்பில் சர்க்கரையாகாது, அதை முழுசாகக் கழிக்கலாம். சீனிக்குப் பதில் கருப்பட்டி என்றால் கணக்கே வேண்டாம், அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான்.

காராச்சேவு வேண்டும் என்றால் 15 கிராமைத் தட்டில் நிறுத்துப் போட்டுவிட்டு, பாக்கெட்டைக் கிளிப் போட்டு உள்ளே வைத்த பிறகு உட்காரலாம். அதே 4 கிராம் கணக்கில் கொப்பரைத் துண்டு ஏறக்குறைய 50 கிராம் கிடைக்கும்.