‘நாள்’ வரியை நகர்த்தாதீர்கள்: கடிதப் படியெடுப்புத் தேர்வில் இரண்டாம் முறை தேறிய அனுபவம்

முடிவு வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. தேறிவிட்டேன். சென்ற முறை இதே தேர்வில் ஐந்து மதிப்பெண்ணில் விட்டேன். அந்த ஐந்தும் ஒரே ஒரு வரிக்காகப் போனவை. அந்த வரியை இன்னொருவர் இழக்கக் கூடாது என்பதற்காகவே, நினைவு சூடாக இருக்கும்போதே எழுதுகிறேன்.

தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் இரண்டு புகைப்படங்கள், இரண்டும் கையால் எழுதிய அலுவல் கடிதங்கள். அவற்றைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்தைப் படிப்பதில் நம்மில் பெரும்பாலோர் தோற்பதில்லை. எது எங்கே இருந்ததோ அதை அங்கேயே வைப்பதில்தான் தோற்கிறோம்.

சென்ற முறை வந்த கடிதத்தை நினைவிலிருந்து சொல்கிறேன். ஊர், பெயர்களை விட்டுவிடுகிறேன். 1974இல் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர், பள்ளிக் கைப்பம்பைப் பழுது பார்த்துத் தரும்படி ஊராட்சி ஒன்றிய ஆணையருக்கு எழுதியது. தாளை மிச்சப்படுத்த அனுப்புநரை இடப்பக்கமும் பெறுநரை வலப்பக்கமும் அருகருகே எழுதியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் அலுவலகத்தின் ‘பெறப்பட்டது’ முத்திரை, அதில் 18.7.74. கீழே, செய்தி முடிந்த பின், இடப்பக்கம் ‘இடம்’, ‘நாள்: 12.7.74’. அதே உயரத்தில் வலப்பக்கம் ‘இப்படிக்கு’. ஓரத்தில் பச்சை மையில் யாரோ ஓர் அதிகாரி ‘உடன் ஆவன செய்க’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டிருந்தார்.

நான் ஒன்பது ஆண்டுகள் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவன். எங்கள் கடிதங்களில் ந.க. எண்ணும் நாளும் மேலே, பெறுநருக்குக் கீழே, ஒரே வரியில் வரும். கை அதற்குப் பழகியிருந்தது. கீழே இருந்த நாளை எடுத்து மேலே வைத்தேன். வைத்ததுகூட எனக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்கு ‘74’ என்பதை ‘1974’ என்று விரித்தும் விட்டேன். மதிப்பீட்டுத் தாளில் ‘நாள் – இடமாற்றம், திருத்தம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோதுதான் நடந்தது புரிந்தது.

பள்ளியில் படித்தவர்களுக்கு இதே குழி வேறு இடத்தில் இருக்கிறது. பாடப்புத்தகக் கடிதத்தில் ‘இப்படிக்கு’ வந்த பிறகு இடமும் நாளும் வரும். ‘ஐயா’வுக்குப் பிறகு ‘பொருள்’ வரும். அலுவலகக் கடிதங்களில் பொருளுக்குப் பின் ‘பார்வை’ என்று ஒன்று இருக்கும். கையால் எழுதுகிற மனிதர் இவற்றுள் எதையும் முழுதாகப் பின்பற்றுவதில்லை. ஒருவர் பொருளை முதலில் எழுதிவிட்டு ‘ஐயா’ என்று அழைப்பார். இன்னொருவர் நாளைத் தாளின் வலது உச்சியில் எழுதுவார். வேறொருவர் கையொப்பத்துக்கு அடியிலேயே நாளைப் போட்டுவிடுவார். அவர் எழுதிய இடம்தான் சரியான இடம். நாம் கற்ற வடிவம் இந்தத் தேர்வில் நமக்கு எதிரி.

இரண்டாம் முறைக்கு நான் மாற்றிக்கொண்டது ஒன்றைத்தான். விசைப்பலகையைத் தொடும் முன் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்தேன். கடிதத்தின் சொற்களைப் படிக்காமல், தொகுதிகளை மட்டும் கட்டங்களாக வரைந்து எண்ணிட்டேன். தலைமை ஆசிரியரின் கடிதத்தையே எடுத்துக்கொண்டால் கட்டங்கள் இப்படி அமையும்:

1 அனுப்புநர்
2 பெறுநர்
3 விளி (‘ஐயா,’)
4 பொருள்
5 செய்தி
6 இடம், நாள்
7 இப்படிக்கு, கையொப்பம், பதவி
8 நகல் போகும் இடம்
தனியாக: அ – முத்திரை, ஆ – பச்சை மைக் குறிப்பு

இதற்கு ஆறு நிமிடம் ஆகும். வேகமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு ஆறு நிமிடம் சும்மா இருப்பது போலத் தோன்றும். நான் இயல்பிலேயே நிதானமானவன், எனக்கு இது பொருந்தியது. ஆனால் வேகக்காரர்களுக்கும் இதையே சொல்வேன். கட்டம் வரைந்தபின் கை நாளை எங்கும் தூக்கிப் போக முடியாது, ஏனென்றால் அது ஆறாம் எண்ணில் கட்டப்பட்டிருக்கிறது.

எண்ணிடும் வரிசைக்கு வழிமுறைத் தாளில் விதி இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போகிறார்கள். எந்தத் தொகுதியின் முதல் வரி மேலே தொடங்குகிறதோ அது முன்னால் வரும், இரண்டும் ஒரே உயரம் என்றால் இடப்பக்கத்தது முன்னால் வரும். ஒரு தொகுதியைத் தொடங்கினால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஆகவே மேலே சொன்ன கடிதத்தில் இடமும் நாளும் முதலில், இப்படிக்கு பிறகு.

அருகருகே இருக்கும் முகவரிகளில் இந்த விதியை மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கண் இடமிருந்து வலமாகத் தாளின் குறுக்கே ஓடும். விளைவு இது:

```
அனுப்புநர் பெறுநர்
தலைமை ஆசிரியர், ஆணையர் அவர்கள்,
ஊ.ஒ. தொடக்கப் பள்ளி, ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
```

வர வேண்டியது இது:

```
அனுப்புநர்
தலைமை ஆசிரியர்,
ஊ.ஒ. தொடக்கப் பள்ளி,

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
```

முதல் வடிவில் ஒரு சொல்கூட விடுபடவில்லை, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் யார் யாருக்கு எழுதினார் என்பது போய்விட்டது. படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இடப்பக்கத்து மூன்றாம் வரிக்கு நேராக வலப்பக்கத்து இரண்டாம் வரி வந்து நிற்கும், சேர்த்துப் படித்தாலும் பொருள் வருவது போலவே இருக்கும். எனக்கு உதவியது காற்புள்ளி. முகவரியின் ஒவ்வொரு வரியும் காற்புள்ளியில் முடிந்து, கடைசி வரி முற்றுப்புள்ளியில் முடியும். இடப்பக்கத்தில் முற்றுப்புள்ளி எங்கே என்று முதலில் தேடுங்கள். அதுவரை வலப்பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம். புள்ளி வைக்காமல் எழுதும் பழக்கம் உள்ளவர்களின் கடிதத்தில் வட்டம் அல்லது மாவட்டத்தின் பெயர் அந்த வேலையைச் செய்யும்.

இன்னொன்று. படத்தில் வலப்பக்கம் இருக்கிறது என்பதற்காக இடைவெளி விசையைத் தட்டித் தட்டிப் ‘பெறுநர்’ என்பதை வலப்பக்கம் தள்ளாதீர்கள். தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் உடையவை அல்ல. ‘ர’ குறுகியது, ‘ணை’ அகலமானது. உங்கள் திரையில் நேராக நிற்கும் வரி, எழுத்துரு மாறியதும் கலைந்துவிடும். தொகுதிகளுக்கு இடையில் ஒரு வெற்று வரி விட்டால் போதும்.

செய்திப் பகுதியில் சிக்கல் இரண்டு இடங்களில்தான்.

முதலாவது, அது எங்கே தொடங்குகிறது என்பது. ‘ஐயா,’ தனி வரியில் இருந்தால் கேள்வியே இல்லை. ‘ஐயா, வணக்கம். எங்கள் பள்ளியில்...’ என்று ஒரே ஓட்டமாக எழுதியிருந்தால் அதை உடைக்காதீர்கள், அந்த விளி அவ்வரியிலேயே இருக்கட்டும். பத்தி பிரிப்பதற்கு உள்தள்ளலைப் பார்க்க வேண்டும். கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தில் இடது ஓரமே சரிவாக ஓடும், கீழே போகப் போக எல்லா வரிகளும் உள்ளே தள்ளியிருப்பது போலத் தெரியும். ஆகவே படத்தின் விளிம்பிலிருந்து அளக்காமல், மேல் வரி, கீழ் வரி இரண்டோடும் ஒப்பிட வேண்டும். இரண்டையும் விட உள்ளே இருந்தால் அது புதிய பத்தி. அதற்கு முந்தைய வரி பாதியில் முடிந்திருந்தால் ஐயமே வேண்டாம்.

இரண்டாவது, அது எங்கே முடிகிறது என்பது. தலைமை ஆசிரியரின் கடிதத்தில் கடைசி வாக்கியம் ‘மாணவர்கள் குடிநீருக்காக’ என்று அடிவரியில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இடம், நாள், இப்படிக்கு எல்லாம் நெருக்கமாக இருந்தன. மிச்சம் எங்கே என்று தேடினால், இடது ஓரத்தில் தாளைத் திருப்பி வைத்துச் செங்குத்தாக எழுதியிருந்தார்: ‘அரை மைல் நடக்க வேண்டியுள்ளது.’ ஓரத்தில் இருப்பதால் அதைப் பச்சை மைக் குறிப்போடு சேர்த்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். அது செய்தியின் வாலே. செய்தியோடு சேர்த்து, முடிப்புக்கு முன்னால் வர வேண்டும். அறியும் வழி எளிது: ஓரத்து எழுத்து கடிதத்தின் அதே கையா, அதே மையா, முடியாத வாக்கியம் ஏதாவது அதற்காகக் காத்திருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் உள்ளே சேருங்கள். கை வேறு என்றால் அது ‘ஆ’ கட்டம், கடைசியில் தனித் தலைப்பின் கீழ்.

முத்திரையும் அப்படியே. அதில் உள்ள 18.7.74 கடிதம் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த நாள், எழுதிய நாள் அல்ல. ஆறு நாள் வித்தியாசம். கடிதத்தில் நாளே இல்லாமல், முத்திரையில் மட்டும் இருந்தால், நாள் இடத்தை வெறுமையாக விடுங்கள். முத்திரையிலிருந்து கடன் வாங்காதீர்கள்.

பழைய கடிதங்களுக்குப் பயிற்சி செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

– உச்சியில் தனியாக நிற்கும் ‘உ’ பிள்ளையார் சுழி. அது அனுப்புநரின் பெயரெழுத்து அல்ல. தனி வரியாக முதலில் வரும்.
– நாளை ஒட்டி வரும் ௳ ‘நாள்’, ௴ ‘மாதம்’, ௵ ‘ஆண்டு’ என்பதைக் குறிக்கும். ஒருங்குறியில் இவை இருக்கின்றன, குறியாகவே இடுங்கள்.
– ௸ என்றால் ‘மேற்படி’. முகவரியில் ஊருக்குப் பதிலாக இதை மட்டும் எழுதியிருப்பார்கள். ஊர்ப்பெயரை நிரப்பாதீர்கள்.
– ‘ம.ரா.ரா.ஸ்ரீ’ பெறுநரின் பெயருக்கு முன் வரும் மரியாதைச் சுருக்கம். அது பெறுநர் தொகுதியைச் சேர்ந்தது, விளியைச் சேர்ந்தது அல்ல.
– ‘பி.கு.’ கையொப்பத்துக்குப் பின்னால் இருந்தால் பின்னாலேயே இருக்கட்டும். பொருத்தமாக இருக்கிறதென்று செய்திக்குள் கொண்டு போகாதீர்கள்.

கையொப்பம் படிக்க முடியாவிட்டால் அனுப்புநர் முகவரியிலிருந்து பெயரை எடுத்து அங்கே எழுத ஆசை வரும். எனக்கும் வந்தது. ‘[கையொப்பம்]’ என்று மட்டும் இட்டேன். மேலே ஒருவர் பெயரும் கீழே அவர் சார்பில் இன்னொருவர் கையொப்பமும் இருக்கும் கடிதங்கள் நிறைய உண்டு.

வரிமுறிவில் ஒரு வேறுபாடு: முகவரியிலும் முடிப்பிலும் கடிதத்தில் உள்ளபடியே வரிகளை முறிக்க வேண்டும், செய்தியில் பத்தி முழுவதையும் ஓட்டமாக அடிக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தவர்கள் இந்த முறையும் இருந்தார்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தில் எழுத்துப் பிழை தேடாதீர்கள். பென்சில் தாளை எடுத்து, கட்ட எண்களைத் திரையில் உள்ள தொகுதிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கோடிடுங்கள். இந்த முறை இரண்டாவது கடிதத்தில் என் தாளில் ஒன்பது கட்டங்கள், திரையில் எட்டுத் தொகுதிகள். விடுபட்டிருந்தது ‘நாள்’. இம்முறை அது வலது உச்சியில், அனுப்புநருக்கு எதிரே, மடிப்புக் கோட்டின் நிழலில் மங்கலாக இருந்தது. முதல் வரியின் உயரத்தை மீண்டும் பார்த்தேன். அனுப்புநரைவிடச் சற்றே மேலே தொடங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் அதை அடித்து, ஒரு வெற்று வரி விட்டு, சமர்ப்பித்தேன்.